அத்தை கையில் ஏன் அரளி?

ஏழுமாதத் தாய் · 4 மார்ச் 2023

வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகளுக்கு ஏழு மாதம். அம்மா பின்னேரங்களில் வந்து அவளை ஏணையில் போட்டு ஆட்டிப் பாடுவா. நேற்றுத்தான் சொற்களைக் காது கொடுத்துக் கேட்டேன்.

ஆராரோ ஆரிவரோ கண்ணே
ஆரடித்து நீயழுதாய்
மாமன் அடித்தானோ மல்லிகைப்பூச் செண்டாலே
அத்தை அடித்தாளோ அரளிப்பூச் செண்டாலே

அரளி விஷம் அல்லவா? மாமன் மல்லிகையால் அடிக்கிறார், சரி. அத்தைக்கு ஏன் விஷப்பூ? அம்மாவைக் கேட்டால், "பாட்டெண்டால் அப்பிடித்தான், சும்மா கிட" என்கிறா. இனி அந்த வரி வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்யும். யாருக்காவது இதன் கதை தெரியுமா?

ஜம்பட்டா வீதி · 4 மார்ச் 2023, இரவு

தங்கச்சி, இந்தக் கேள்வியை நான் 48 வருடமாக வைத்திருக்கிறேன்.

1975இல் தம்பி பிறந்தபோது எனக்கு ஏழு வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் பின்பாதியில் இருந்தோம். அப்பாவின் குடும்பம் யாழ்ப்பாணம். அப்பா செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதினார். அம்மா டிக்கோயாவில் தோட்டத்தில் பிறந்தவ. அந்தக் காலத்தில் இப்படி ஒரு கலியாணம் என்றால் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அப்பாவின் அக்கா எங்களோடு ஒரே வீட்டில் இருந்தா. நாங்கள் அவவை மாமி என்போம்.

அம்மா தரையில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரிப்பா. ஏணைக் கயிற்றின் நுனி அவவின் கால் பெருவிரலில் சுற்றியிருக்கும். காலை நீட்டி மடக்கினால் ஏணை ஆடும். கை வேலையை விடாது, வாய் பாட்டை விடாது. மாமி அடுத்த அறையில் இருப்பா. அம்மா பாடுவா, "அத்தை அடித்தாளோ அரளிப்பூச் செண்டாலே."

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அத்தை என்று கூப்பிட்டதில்லை. அந்தச் சொல் வந்த ஒரே இடம் அந்தப் பாட்டுத்தான். அம்மாவின் ஊர் வழக்கில் அப்பாவின் அக்கா அத்தை. அதாவது எங்கள் மாமி. மாமி இருக்கும் வீட்டில், மாமிக்கு விளங்காத சொல்லில், அம்மா தன் மனத்தாங்கலைப் பாடி முடித்தா. நான் அப்படித்தான் நினைத்து வந்திருக்கிறேன்.

கொழும்பு 7 · 5 மார்ச் 2023

வீணாகப் பயப்படுகிறீர்கள். அரளி என்பது விகாரையிலும் கோயிலிலும் நிற்கும் வெள்ளைப் பூ மரம். ஐந்து இதழ், நடுவில் மஞ்சள், நல்ல வாசம். பிரதமரின் வீட்டுக்குத் தமிழில் அலரி மாளிகை என்றுதானே பெயர்? அங்கே நிற்பவை என்ன மரங்கள்? விஷச்செடியின் பெயரையா மாளிகைக்கு வைப்பார்கள்? அத்தையும் வாசப்பூவால்தான் அடிக்கிறா. விஷயம் அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற நர்ஸ் · 5 மார்ச் 2023

ஏழு மாதப் பிள்ளை என்றால் இனித் தவழத் தொடங்கிவிடும். அகப்பட்டதை எல்லாம் வாயில் வைக்கும் வயது. வீட்டிலோ மாடி முற்றத்திலோ அலரி நின்றால் முதலில் அதை அகற்றுங்கள். இலை, பூ, காய், பால் எல்லாமே கூடாது. சிவப்பும் கூடாது, மஞ்சளும் கூடாது. பிள்ளை கடித்துவிட்டால் வாயைத் துடைத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, ஏனென்றால் அந்த விஷம் இதயத் துடிப்பைக் குழப்புவது சில மணி நேரம் கழித்துக்கூட வெளியே தெரியலாம். வெளியூர் ஆஸ்பத்திரிகளிலிருந்து மஞ்சள் அலரிக் கேஸ்களை இதயத்துக்கு மின்முடுக்கி வைக்கக் கொழும்புக்கு ஏற்றி அனுப்பிய காலத்தில் நான் வார்டில் இருந்தேன். ஆகையால் சொல்கிறேன், கவனம்.

ஏழுமாதத் தாய் · 5 மார்ச் 2023

நன்றி அன்ரி. எங்கள் வீட்டில் செடி இல்லை, பாட்டில்தான் இருக்கிறது. ஆனால் எதிர்வீட்டு மதிலோரம் ஒன்று நிற்கிறது. அவர்களோடு கதைக்கிறேன்.

ஜம்பட்டா வீதி · 6 மார்ச் 2023

கொழும்பு 7 சொல்வது பாதி சரி. அந்தப் பாதியை ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் கொழும்பில் வளர்ந்த ஒரு பிள்ளையின் காதில் அரளி என்றால் அந்த வெள்ளைப் பூதான் விழும். சிங்களத்தில் அந்த மரத்துக்கு அரலிய என்று பெயர். அலரி மாளிகைப் பெயரும் அந்த மரத்தை வைத்து வந்ததுதான். நம் விஷச்செடிக்குச் சிங்களத்தில் கணேரு. ஆக, சிங்களத்தில் இரண்டு சொல்லாக இருப்பவை தமிழில் ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன.

ஆனால் அம்மா பாடியது தோட்டத்துத் தமிழ். அந்தத் தமிழில் அரளி என்றால் ஒல்லி இலையும் சிவப்புப் பூவுமாக வரும் செடிதான். செவ்வரளி. அதை விகாரைப் பூ என்று அவ நினைத்திருக்க வழியே இல்லை.

களுவாஞ்சிக்குடி வாத்தியார் · 7 மார்ச் 2023

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன். சில விஷயம் சொல்ல வேண்டும்.

முதலில் பூ. அலரியும் அரளியும் ஒரே சொல்தான், எழுத்து இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் அலரி என்னும். தமிழ்நாடும் மலையகமும் அரளி என்னும். விகாரைப் பூவுக்குப் பழைய அகராதிகளில் ஈழத்தலரி என்றே பெயர் இருக்கிறது. ஆகவே கொழும்பு 7 தம்பியை முழுக்கப் பிழை என்று தள்ள வேண்டாம். ஆனால் அந்த மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மஞ்சள் அலரியும் அங்கிருந்து வந்ததே. பழைய காலம் தொட்டு இங்கே நிற்பது சிவப்பலரி. அதற்குச் சங்கப் பாட்டில் கணவிரம் என்று பெயர். அகநானூற்றில் ஒரு பாலைப் பாட்டு, வழியில் வெட்டுண்டு கிடப்பவர்களின் புண்ணில் வழியும் குருதியைக் கணவிர மாலை போட்டதுபோல என்கிறது. வடமொழியில் மிருச்சகடிக நாடகத்தில் சாருதத்தனைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோகும்போது அவன் கழுத்தில் கிடப்பதும் இதே பூமாலைதான், கரவீரம். அதே பூவைத்தான் இன்றைக்கு அம்மனுக்கும் முருகனுக்கும் மாலை கட்டுகிறோம். பூ ஒன்று, வேலை இரண்டு.

அடுத்தது மோனை. மாமன் என்றால் மல்லிகை, அத்தை என்றால் அரளி, சித்தி என்றால் செவ்வந்தி. முதலெழுத்துப் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பூவைப் பிடித்திருக்கிறார்கள். அதற்கு மேல் உள்நோக்கம் தேடுவது நம் வேலை, பாட்டின் வேலை அல்ல. எங்கள் பக்கம் "மாமி அடித்தாளோ மல்லிகைப்பூச் செண்டாலே" என்று பாடுவார்கள். நம் வழக்கில் மாமி என்பவள் அப்பாவின் சகோதரியும்தானே? அதே ஆள். ஆனால் கையில் மல்லிகை. முறைப்பெயர் மாறியதும் விஷம் போய்விட்டது, பார்த்தீர்களா?

ஜம்பட்டா வீதி · 7 மார்ச் 2023, இரவு

வாத்தியார் ஐயா, இதை வாசித்துவிட்டு வெகுநேரம் இருந்தேன். 48 வருடமாக நான் கட்டி வைத்ததை ஒரு மோனையால் தட்டிவிட்டீர்கள்.

ஜம்பட்டா வீதி · 8 மார்ச் 2023

இல்லை. இரவெல்லாம் யோசித்தேன். மோனை என்பது ஏன் இந்தப் பூ என்பதற்குப் பாதிப் பதில்தான். அகரத்தில் தொடங்கும் பூ அரளி மட்டும்தானா? அல்லி இருக்கிறது. அந்திமந்தாரை நீளம், சந்தத்துக்குள் அடங்காது. ஆனால் அல்லி அப்படியே உட்காரும். "அத்தை அடித்தாளோ அல்லிப்பூச் செண்டாலே." வாய்விட்டுப் பாடிப் பாருங்கள், ஏணை ஒரு ஆட்டம்கூடத் தவறாது. அல்லி இருக்கும்போது ஒருத்தி அரளியை எடுக்கிறாள் என்றால் அது வெறும் எழுத்துப் பொருத்தமா?

டிக்கோயா · 8 மார்ச் 2023

எங்க அம்மாயி அல்லிப்பூன்னுதான் பாடும். எங்க லயத்துலயே ரெண்டு விதமாவும் பாடுவாங்க. அம்மாயிக்கும் நாத்தனாருக்கும் நல்ல ஒட்டு, ஒண்ணாத்தான் கொழுந்தெடுக்கப் போவாங்க. பிள்ளைய பிள்ளைக்காம்பராவுல விட்டுட்டு ஒரே நிரையில நிப்பாங்க. அதனாலதான் அல்லியோ என்னமோ, எனக்குத் தெரியாது. கேட்டுப் பாக்க அம்மாயி இப்ப இல்ல.

இன்னொண்ணு, ஜம்பட்டா அக்கா. எங்க ஊர்ல மாமன் பொண்டாட்டியும் அத்தைதான்.

ஜம்பட்டா வீதி · 8 மார்ச் 2023, பின்னேரம்

தம்பி, அந்தக் கடைசி வரியை நீங்கள் எவ்வளவு யோசித்து எழுதினீர்களோ தெரியாது. என் கையில் தேத்தண்ணீர் ஆறிப்போய்விட்டது.

மாமன், உடனே அடுத்த வரியில் அத்தை. பாட்டு இருவரையும் சோடியாக நிறுத்துகிறது. அப்படியென்றால் அரளிச் செண்டு இருப்பது அப்பாவின் அக்கா கையில் அல்ல, அம்மாவின் அண்ணன் மனைவி கையில். இதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஏன் என்றால் எனக்கு அந்த மனுசியைத் தெரியாது. மாமியைத் தெரியும். எனக்குத் தெரிந்த முகத்தைப் பாட்டில் ஒட்டிவிட்டேன்.

இப்போது நினைவுக்கு வருகிறது. தம்பியின் 31ஆம் நாளுக்கு டிக்கோயாவிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்று அம்மா சோறு கூடப் போட்டு வைத்திருந்தா. பெரிய மாமா மட்டும் தனியாக வந்தார். வெறுங்கை. ஒரு வெள்ளி அரைஞாணாவது கொண்டுவருவார் என்று அம்மா அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தா போல. மாமா போன பிறகு அம்மா அடுப்படியில் நின்று, "அவர் நல்லவர்தான், வீட்டுல விடல" என்றா. யார் விடவில்லை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

தாலாட்டு முழுக்க மாமன் கொண்டுவரும் சீர்தானே. பொன்னாலே தொட்டில், வெள்ளியிலே சங்கு, முத்திலே மாலை. அதை எல்லாம் பாடிவிட்டு, வெறுங்கையோடு வந்து போன அண்ணனையும் அவ பாடியிருக்கிறா. அண்ணன் கையில் மல்லிகை. விடாதவள் கையில் அரளி.

களுவாஞ்சிக்குடி வாத்தியார் · 9 மார்ச் 2023

அம்மா, நான் மோனையைச் சொன்னது பாட்டில் வலி இல்லை என்பதற்காக அல்ல. டிக்கோயாத் தம்பி சொன்ன அல்லிக்குப் பிறகு நானும் ஒரு படி இறங்கி வருகிறேன். மோனை ஒரு இடத்தைத் திறந்து வைக்கிறது. அந்த இடத்தில் எதைப் போடுவது என்பது பாடுகிறவளின் பாடு.

பாட்டு எங்கே கெட்டிக்காரத்தனம் செய்கிறது என்று பார்க்க வேண்டுமானால் பூவை விட்டுவிட்டு வினையைப் பாருங்கள். அடித்தாள் என்று எந்த இடத்திலும் இல்லை. அடித்தாளோ. அந்த ஒரு ஓகாரத்தால் குற்றச்சாட்டு கேள்வியாகிவிடுகிறது. மாமியார் கதவடியில் நின்று கேட்டாலும், "பிள்ளையிடம் கேட்டேன்" என்று சொல்லிவிடலாம். பிறகு அடித்த கருவியைப் பாருங்கள், பூச்செண்டு. பூவால் அடித்தால் நோகுமா? நோகாது. ஆனால் அடி அடிதான், அந்தச் சொல் அங்கே இருக்கிறது.

உங்கள் யாருக்காவது பின்வரிகள் நினைவிருக்கிறதா?

அடித்தாரைச் சொல்லியழு ஆக்கினைகள் செய்துவைப்போம்
தொட்டாரைச் சொல்லியழு தோள்விலங்கு போட்டுவைப்போம்

ஆக்கினை என்றால் தண்டனை. தோள்விலங்கு என்றால் விலங்குதான், வேறு நயமான பொருள் கிடையாது. கைக்குழந்தைக்குப் பாடும் பாட்டில் விசாரணை நடக்கிறது, தண்டனை விதிக்கப்படுகிறது. சந்தேகப்படும் ஆட்கள் யார்? மாமன், அத்தை, பாட்டி, சித்தி. எல்லோரும் வீட்டுக்குள் இருப்பவர்கள். வெளியாள் ஒருவன்கூட இல்லை. கடைசியில்,

ஆரும் அடிக்கவில்லை ஐவிரலும் தீண்டவில்லை

என்று எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிவிடுகிறாள். வழக்குப் போட்டவளே வழக்கைத் தள்ளுபடி செய்கிறாள். இதற்குள் பிள்ளை நித்திரை.

கொழும்பு 7 · 9 மார்ச் 2023

சரி, விகாரைப் பூ என்று அடித்துச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், பிள்ளை அழுதது பசிக்காக இருக்கலாம், வயிற்றுக்குத்துக்காக இருக்கலாம். இதில் தாய் ஏன் உறவுக்காரர்களைக் கூப்பிட்டு நிறுத்த வேண்டும்?

ஜம்பட்டா வீதி · 9 மார்ச் 2023, இரவு

அந்தக் கேள்விக்கு எனக்கு இப்படித்தான் பதில் தெரிகிறது, தம்பி. அந்த வீட்டில் அழுவதற்கு உரிமை இருந்த ஒரே ஆள் பிள்ளை. அம்மா அழுதால் "என்ன, ஆர் என்ன சொன்னது இப்ப?" என்று கேள்வி வரும். பிள்ளை அழுதால் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். அதனால் தன்னிடம் யாரும் கேட்காத அந்தக் கேள்வியை அம்மா பிள்ளையிடம் கேட்கிறா. "ஆரடித்து நீயழுதாய்?" என்று.

வாத்தியார் ஐயா எழுதிய பின்வரிகளை அம்மா பாடியதாக எனக்கு நினைவில்லை. "ஆரும் அடிக்கவில்லை" மட்டும் பாடியது நினைவிருக்கிறது. அதை மிக மெதுவாக, தம்பியின் கை ஏணைக்கு வெளியே தளர்ந்து தொங்கிய பிறகு பாடுவா. கேட்க யாரும் இல்லாத நேரத்தில் அந்த வாபஸ். தண்டனை வரியை விட்டுவிட்டு வாபஸ் வரியை மட்டும் ஏன் வைத்துக்கொண்டா என்று யோசித்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

டிக்கோயா · 10 மார்ச் 2023

செத்த வீட்டுல ஒப்பாரி வைக்கிற அதே ராகம்தான் தாலாட்டுக்கும். எங்க பெரியாத்தா ரெண்டும் பாடும். சின்ன வயசுல தூரத்துல இருந்து கேட்டா லயத்துல பிள்ளை பொறந்திருக்கா, யாரும் போயிட்டாங்களான்னு சட்டுனு தெரியாது. கிட்டப் போய்ச் சொல்லக் கேட்டாத்தான் தெரியும்.

ஓய்வுபெற்ற நர்ஸ் · 10 மார்ச் 2023

நான் முதலில் கேள்வியைப் பிழையாக விளங்கிக்கொண்டேன், மன்னிக்கவும். ஆனால் இவ்வளவும் வாசித்தபின் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அலரியை மாடும் ஆடும் தின்னாது. அதனால்தான் யாழ்ப்பாணத்தில் வேலியோரம் நட்டார்கள். வீட்டைச் சுற்றிக் காவல் நிற்கும் செடி அது. அத்தை கையிலும் அதே செடி. இதில் ஏதும் இருக்கிறதோ இல்லையோ தெரியாது, நர்ஸ் வேலை பார்த்தவளுக்குப் பாட்டு விளக்கம் வராது.

ஜம்பட்டா வீதி · 19 மார்ச் 2023

ஒரு கிழமையாக எழுதவில்லை. ஞாயிறு வெள்ளவத்தைக்குப் போய் மாமியைப் பார்த்துவிட்டு வந்தேன். அவவுக்கு 84. ஒன்றுவிட்ட தங்கையின் மகளோடு ஒரு தொடர்மாடியில் இருக்கிறா. காது நல்லாயிருக்கிறது, கண்தான் மங்கல்.

கேட்பதா வேண்டாமா என்று போகும் வழியெல்லாம் யோசனை. 101ஆம் இலக்க பஸ்ஸில் கொள்ளுப்பிட்டி தாண்டும்போது அலரி மாளிகை மதில் வந்தது. மதிலுக்கு மேலே அந்த மரங்களைத் தேடினேன். பஸ் வேகமாகப் போய்விட்டது.

மாமியிடம் நேராகக் கேட்க வாய் வரவில்லை. தம்பியைத் தாலாட்ட அம்மா என்ன பாடுவா, நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். மாமி கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. கட்டிலில் சாய்ந்தபடியே பாடத் தொடங்கினா. குரல் நடுங்கியது, ஆனால் அம்மாவின் மெட்டு, அம்மாவின் சொல். "அத்தை அடித்தாளோ அரளிப்பூச் செண்டாலே" வரைக்கும் வந்தா.

"இது உன்ரை கொம்மா எனக்குச் சொல்லித் தந்தது. அவள் ஆஸ்பத்திரியிலை கிடந்த ஒரு கிழமை நான்தானே தம்பியை ஆட்டினது. இதைப் பாடாட்டி அவன் கண் மூடமாட்டான்."

"அரளிப்பூ எண்டால் என்ன மாமி?"

"உந்தப் பன்சலையளிலை கிடக்கிற வெள்ளைப் பூத்தான். அரலிய. நல்ல வாசம். நாங்கள் பள்ளிக்கூடம் போகேக்கை பொறுக்கித் தலையிலை செருகுவம்."

மாமிக்கு ஐந்து வயதில் கொழும்புக்கு வந்தாயிற்று. படித்ததெல்லாம் இங்கே. அலரி என்று பாடியிருந்தால் யாழ்ப்பாணத்து வீட்டுப்பேச்சில் வளர்ந்த அவவுக்கு உடனே விளங்கியிருக்கும். அம்மா பாடியதோ அரளி. அந்த ஒலி மாமியின் காதில் சிங்களத்து அரலியவாக விழுந்திருக்கிறது. எழுத்து இடம் மாறியதால் விஷம் வாசமாகிவிட்டது. தன்னைப் பற்றியதாக இருக்கக்கூடிய வரியைத் தானே ஒரு கிழமை பாடித் தம்பியை உறங்க வைத்திருக்கிறா.

"அத்தை எண்டால் ஆர் மாமி?" என்று கேட்டேன்.

"அது அவையின்ரை பக்கத்துச் சொல்லு. ஆரோ."

ஜம்பட்டா வீதி · 19 மார்ச் 2023, சிறிது நேரம் கழித்து

ஒன்றைச் சேர்க்க வேண்டும். அம்மாவும் மாமியும் பகை என்று முதல் குறிப்பில் எழுதிவிட்டேன். கலியாணமான புதிதில் மாமி "தோட்டக்காட்டுப் பெட்டை" என்று சொன்னது உண்மை, அம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறா. ஆனால் அம்மா மாமிக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தா என்பதும் இப்போது தெரிகிறது. 83இல் அந்த வீடு போய் நாங்கள் முகாமில் இருந்தபோது இருவரும் ஒரு பாயில்தான் படுத்தார்கள், அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அம்மா பாட்டைச் சொல்லிக் கொடுத்தது எந்த மனதோடு? தன் கோபத்தை மாமியின் வாயாலேயே பாட வைத்தாவா? இல்லை, அரளி டிக்கோயாவில் இருக்கும் அண்ணன் மனைவிக்கு, மாமியிடம் ஒளிக்க ஒன்றும் இருக்கவில்லை என்றா? அம்மா 2009இல் போய்விட்டா.

களுவாஞ்சிக்குடி வாத்தியார் · 20 மார்ச் 2023

மாமிக்கு அரளி எது என்று சொன்னீர்களா?

ஜம்பட்டா வீதி · 20 மார்ச் 2023

சொல்லவில்லை, ஐயா.

கொழும்பு 7 · 20 மார்ச் 2023

அக்கா, சொல்லாதீர்கள்.

டிக்கோயா · 21 மார்ச் 2023

நான் சொல்லியிருப்பேன். 84 வயசு ஆளுக்கு அதத் தாங்க மனசு இருக்கும். அந்தக் காலத்துல நம்ம பொம்பளைங்க எவ்வளவு தாங்குனாங்க, அதத் தெரிஞ்சுக்கிறதுல என்ன தப்பு? கோவிச்சுக்காதீங்க அக்கா, எனக்குத் தோணுனதச் சொன்னேன்.

ஜம்பட்டா வீதி · 21 மார்ச் 2023

கோபம் இல்லை, தம்பி. ஆனால் அத்தை யார் என்று எனக்கே உறுதியாகத் தெரியாதபோது, நான் மாமிக்கு எதைச் சொல்வது?

ஏழுமாதத் தாய் · 2 ஏப்ரல் 2023

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஜம்பட்டா அக்காவின் மாமி வந்த இடத்தில் அம்மா கண்ணைத் துடைத்தா. பிறகு, "இனி அல்லியெண்டே பாடுறன்" என்றா. இரண்டு நாள் பாடினா. மூன்றாம் நாள் கரண்ட் போய் வீடு ஒரே புழுக்கம், பிள்ளை வீரிட்டு அழுகிறாள். அம்மா இருட்டில் ஏணையை ஆட்டிக்கொண்டிருந்தா. அரளி என்றுதான் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வரியில் பிள்ளையின் அழுகை விக்கலாகக் குறைந்தது.

எதிர்வீட்டார் செடியை வெட்டிவிட்டார்கள். சிவப்பலரிதான். இலை மூன்று மூன்றாக நின்றது.